கடைசி நாளிலிருந்து தொடங்கும் நாள்காட்டி

நுழையும்முன்

திருமணத்திற்கு முகூர்த்த நாள் குறித்தவுடன் வீட்டுப் பெரியவர்கள் பின்னோக்கி எண்ணத் தொடங்குவார்கள். உறவினர் கைக்கு அழைப்பிதழ் ஒரு மாதம் முன்னதாகச் சேர வேண்டும். அதற்கு அச்சகத்தில் எப்போது கொடுக்க வேண்டும். அதற்கு மண்டபம் எப்போது உறுதியாக வேண்டும் என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நாள் தானாகவே அமைந்துவிடும். அரசின் வரவு செலவுத் திட்டத்தையும் இவ்வாறே உருவாக்க வேண்டியுள்ளது. அவையில் அறிக்கை படிக்கப்படும் நாளை எல்லாரும் அறிவர். அந்நாளை நோக்கிப் பல மாதங்கள் முன்பே தொடங்கும் உள் கெடு நாள்களின் வரிசையை அலுவலகத்திற்கு வெளியே இருப்பவர்கள் காண்பதில்லை. அவ்வரிசை எவ்வாறு அமைகிறது என்பதையும், அதில் ஒரு நாள் பிசகினால் என்ன நிகழ்கிறது என்பதையும் இப்பாடம் விளக்குகிறது.

ஒரு நாள் மாறியபோது

இந்தியாவின் நிதியாண்டு ஏப்ரல் 1 அன்று தொடங்கி மார்ச் 31 அன்று முடிகிறது. 2016ஆம் ஆண்டுவரை ஒன்றிய அரசின் வரவு செலவுத் திட்டம் வழக்கமாகப் பிப்ரவரி மாதத்தின் கடைசி வேலை நாளில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. புதிய நிதியாண்டு பிறக்க அப்போது ஏறத்தாழ ஒரு மாதமே எஞ்சியிருக்கும். அந்த ஒரு மாதத்திற்குள் பொது விவாதம் நடத்தவும், நாடாளுமன்ற நிலைக்குழுக்கள் ஒவ்வோர் அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையையும் ஆராயவும், அவை வாக்களிக்கவும் காலம் போதாது. சட்டத்தின் ஒப்புதல் இன்றி அரசு ஒரு ரூபாயும் செலவிட இயலாது. எனவே முன்பண மானியக் கோரிக்கை என்னும் இடைக்கால ஒப்புதலைப் பெற்று, பெரும்பாலும் முதல் இரண்டு மாதச் செலவுக்கு மட்டும் வழி செய்துகொள்வர். அரசமைப்புச் சட்டத்தின் 116ஆம் பிரிவு இதற்கு இடமளிக்கிறது. முழு ஒப்புதல் மே மாதத்தில் கிடைக்கும்.

இதன் விளைவு களத்தில் தெரிந்தது. முன்பண மானியத்தைக் கொண்டு ஊதியம் போன்ற நடப்புச் செலவுகளைச் செய்யலாம். புதிய பணிகளைத் தொடங்கும் துறைகளோ முழு ஒப்புதலுக்காகக் காத்திருந்தன. ஒப்புதல் கிடைத்து, பணம் கீழ்நிலை அலுவலகங்களைச் சென்றடையும்போது நாட்டின் பல பகுதிகளில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடும். சாலைப் பணியும் கட்டடப் பணியும் மழை ஓயும்வரை நிற்கும். ஆக, நிதியாண்டின் முதற்பகுதியில் வேலை நடைபெறாமல், கடைசி மாதங்களில் செலவு குவிந்தது.

இதனை மாற்ற, 2017ஆம் ஆண்டு முதல் வரவு செலவுத் திட்டம் பிப்ரவரி 1 அன்று வைக்கப்பட்டது. தனியாக இருந்த இரயில்வே வரவு செலவுத் திட்டமும் அவ்வாண்டில் பொதுத் திட்டத்துடன் இணைக்கப்பட்டது. மார்ச் 31க்குள் ஒப்புதல்கள் அனைத்தையும் பெற்றுவிட்டால் ஏப்ரல் முதல் நாளிலேயே துறைகள் செலவைத் தொடங்கலாம் என்பதே இம்மாற்றத்தின் நோக்கம்.

முடிவு நாளை நான்கு வாரம் முன்னகர்த்தியதால் அதற்கு முன்னிருந்த நாள்களும் நகர வேண்டியதாயிற்று. நாட்டின் வருமானத்தைப் பற்றிய முதல் முன்கூட்டிய மதிப்பீடு அதற்கு முன்பு பிப்ரவரியில் வெளியிடப்பட்டு வந்தது. வரி வருவாயைக் கணிப்பதற்கு அம்மதிப்பீடு தேவை. பிப்ரவரி 1 அன்று படிக்கப்படும் அறிக்கைக்கு, பிப்ரவரியில் வெளியாகும் மதிப்பீடு எவ்வாறு பயன்படும்? ஆகவே 2017ஆம் ஆண்டில் மத்தியப் புள்ளியியல் அலுவலகம் அதனை ஜனவரி 6 அன்றே வெளியிட்டது. ஓர் அலுவலகத்தின் முடிவு நாள் மற்றோர் அலுவலகத்தின் தொடக்க நாளாக இருப்பதை இந்நிகழ்வு காட்டுகிறது. நாள்காட்டியில் ஒரு நாளை மட்டும் தனியே நகர்த்த முடியாது. அதனோடு கட்டப்பட்ட சங்கிலி முழுவதும் நகரும்.

பின்னோக்கி எண்ணுதல்

ஒன்றிய அரசின் சங்கிலி மிக நீளமானது. அதே முறையைச் சிறிய அளவில் பார்த்தால் ஒவ்வொரு கண்ணியும் தெளிவாகத் தெரியும். எடுத்துக்காட்டாக, 36 வார்டுகள் கொண்ட ஒரு நகராட்சியைக் கற்பனை செய்துகொள்ளலாம். அங்குப் பொறியியல், பொதுச் சுகாதாரம், நகரமைப்பு, வருவாய், கணக்கு ஆகிய பிரிவுகள் உள்ளன. நகராட்சி ஆணையர் நிருவாகத் தலைவர். மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் கூடும் மன்றமே வரவு செலவுத் திட்டத்திற்கு ஒப்புதல் தர வேண்டும்.

நாள்காட்டி அமைப்பவர் முதலில் எழுதவேண்டிய நாள் மார்ச் 31. அது நகராத நாள். அன்றைய தினமே மன்றத்தைக் கூட்டினால், உறுப்பினர்கள் ஒரு திருத்தம் கேட்டாலும் மறுபடி கூடுவதற்கு நாள் இராது. எனவே மன்றக் கூட்டத்திற்கு மார்ச் 10 எனக் குறிக்கப்படுகிறது. தேவைப்பட்டால் இரண்டாவது கூட்டம் நடத்த அதன்பின் மூன்று வாரம் இருக்கும்.

உறுப்பினர்கள் அறிக்கையைப் படித்துவிட்டு வந்தால்தான் விவாதத்திற்குப் பொருள் உண்டு. எனவே அச்சிட்ட படி மார்ச் 2 அன்று அவர்கள் கைக்குக் கிடைக்க வேண்டும். அச்சிடவும் பிழை திருத்தவும் ஒரு வாரம் ஆகும். ஆகவே பிப்ரவரி 23 அன்று படி அச்சகத்திற்குச் செல்ல வேண்டும். அதற்கு முன் பிப்ரவரி 20 அன்று ஆணையர் இறுதி வரைவில் கையொப்பமிட வேண்டும். மன்ற உறுப்பினர்களைக் கொண்ட குழு வரைவை ஆய்வு செய்யும் நாள் பிப்ரவரி 12. குழு சொல்லும் திருத்தங்களைச் செய்ய ஒரு வாரம் கிடைக்கும். அதற்கும் முன்பு, பிப்ரவரி 2 முதல் 6 வரை ஒவ்வொரு நாளும் ஒரு பிரிவின் தலைவரை அழைத்து ஆணையர் கலந்தாய்வு நடத்துவார்.

கலந்தாய்வில் விவாதிக்க எல்லாப் பிரிவுகளின் கணக்கும் ஒன்றாகத் தொகுக்கப்பட்டிருக்க வேண்டும். சரிபார்த்துத் தொகுக்கக் கணக்குப் பிரிவுக்கு ஜனவரி 19 முதல் 30 வரை இரண்டு வாரம் வேண்டும். அப்படியானால் பிரிவுகள் ஜனவரி 18 அன்று மதிப்பீடுகளைத் தந்தால் போதும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் ஜனவரி நடுவில் பொங்கல் விடுமுறை வருகிறது. விடுமுறை முடிந்த கையோடு தருகிறோம் என்று சொல்லப்படும் மதிப்பீடு, விடுமுறை முடிந்த பின்னரே எழுதத் தொடங்கப்படும். எனவே கெடு நாள் பொங்கலுக்கு முன்பாக, ஜனவரி 9 என்று வைக்கப்படுகிறது. காகிதத்தில் கூட்டிக் கழித்து வரும் நாளும், மனிதர்கள் உண்மையில் வேலை செய்யும் நாளும் வேறு வேறு. நாள்காட்டி இரண்டாவதை ஒட்டி அமைய வேண்டும்.

பிரிவுகளுக்கு எவ்வளவு காலம் கொடுப்பது என்பது அடுத்த கேள்வி. இங்கே பொதுவாக ஒரு மாதம் என்று சொல்லிவிடக் கூடாது. வேலையை அளந்து பார்க்க வேண்டும். பொறியியல் பிரிவு 20 தெருச் சாலைகளைச் சீரமைக்கத் திட்டமிடுகிறது எனலாம். ஒவ்வொரு சாலையையும் நேரில் அளக்க அரை நாள், நடப்பு விலைவிகிதப்படி மதிப்பீடு எழுத அரை நாள் எனக் கொண்டால் மொத்தம் 20 நாள் வேலை. இரு பொறியாளர்கள் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு 10 நாள். ஆயினும் குடிநீர்க் குழாய் உடைப்பு, தெருவிளக்குப் பழுது எனத் தினமும் வரும் பணிகளை அவர்கள் விட்டுவிட முடியாது. பாதி நேரத்தையே மதிப்பீட்டுக்கு ஒதுக்க முடியும் என்றால் 20 வேலை நாள், அதாவது நான்கு வாரம் தேவை. சுற்றறிக்கை டிசம்பர் 1 அன்று கிடைத்தால் டிசம்பர் 30 அளவில் களப்பணி முடியும். பிரிவுத் தலைவர் ஜனவரி 5க்குள் சரிபார்த்து, 9க்குள் அனுப்பலாம்.

சுற்றறிக்கையை இன்னும் முன்னதாக, நவம்பர் தொடக்கத்தில் அனுப்பினால் என்ன? நவம்பரில் வடகிழக்குப் பருவமழை பெய்யும். பொறியியல் பிரிவும் சுகாதாரப் பிரிவும் மழைநீர் வடிகால், தேங்கிய நீர், காய்ச்சல் தடுப்பு ஆகிய வேலைகளில் மூழ்கியிருக்கும். அப்போது வரும் படிவம் கோப்பில் உறங்கும். எனவே நவம்பர் மாதம் கணக்குப் பிரிவின் வேலைக்குரியதாகிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான அரையாண்டு வரவு செலவுக் கணக்கை அக்டோபர் 31க்குள் அது முடிக்க வேண்டும். நவம்பர் 14க்குள் ஒவ்வொரு பிரிவுக்குமான படிவத்தில் சென்ற ஆண்டின் உண்மைச் செலவையும் நடப்பாண்டின் அரையாண்டுச் செலவையும் தானே நிரப்பி ஆயத்தமாக வைக்க வேண்டும். பழைய எண்களைத் தேடும் வேலை பிரிவுகளுக்கு இல்லையென்றால், அவர்களுடைய நான்கு வாரமும் புதிய எண்களைக் கணிப்பதற்குப் பயன்படும்.

இவ்வாறு மார்ச் 31இல் தொடங்கிய எண்ணிக்கை அக்டோபர் 31இல் வந்து நிற்கிறது. ஐந்து மாதம் நீளும் இந்த நாள்காட்டியில் மன்றக் கூட்டம் ஒரு நாள். மற்றவை அனைத்தும் உள் கெடு நாள்கள்.

எல்லாருக்கும் ஒரே நாள் அன்று

எல்லா மதிப்பீடுகளும் ஜனவரி 9 அன்றே வரட்டும் என்று விட்டால், அன்று மாலை கணக்குப் பிரிவின் மேசையில் கோப்புகள் மலையாகக் குவியும். அதற்கு முந்தைய ஐந்து வாரமும் அப்பிரிவு கைகட்டி இருக்கும். இதனைத் தவிர்க்க, எது முதலில் தெரியுமோ அது முதலில் வர வேண்டும் என்று வரிசைப்படுத்தலாம்.

ஊதியமும் ஓய்வூதியமும் பணியாளர் பட்டியலைக் கொண்டு கணக்கிடத்தக்கவை. யார் ஓய்வு பெறுகிறார், யாருக்கு எப்போது ஆண்டு ஊதிய உயர்வு என்பது முன்பே தெரியும். அவற்றை டிசம்பர் 15க்குள் கேட்கலாம். வருவாய்ப் பிரிவு தரும் வரவு மதிப்பீடு டிசம்பர் 22க்குள் வர வேண்டும். சொத்துவரி எவ்வளவு கேட்கப்படுகிறது, அதில் எவ்வளவு வசூலாகிறது, குடிநீர்க் கட்டணமும் கடை வாடகையும் எவ்வளவு நிலுவை என்பவற்றைக் கொண்டு அது அமையும். புதிய பணிகளுக்கான கோரிக்கைகள் கடைசியாக, ஜனவரி 9 அன்று வரும்.

இவ்வரிசைக்குக் காரணம் உண்டு. நகராட்சியின் ஆண்டு வரவு 20 கோடி ரூபாய் என்று வருவாய்ப் பிரிவு கணித்ததாகக் கொள்ளலாம். ஊதியத்திற்கும் ஓய்வூதியத்திற்கும் 8 கோடி; மின்கட்டணம், குடிநீர், பராமரிப்பு ஆகியவற்றிற்கு 5.5 கோடி, கடன் தவணைக்கு 1 கோடி, ஏற்கெனவே நடந்துவரும் பணிகளுக்குத் தரவேண்டிய தொகை 1.5 கோடி. இவை 16 கோடி. புதிய பணிகளுக்கு எஞ்சுவது 4 கோடி மட்டுமே. பிரிவுகளின் புதிய கோரிக்கைகளோ 9 கோடி.

பிப்ரவரி முதல் வாரக் கலந்தாய்வின் உண்மையான வேலை இந்த 5 கோடி இடைவெளியைத் தீர்ப்பதுதான். எந்தச் சாலை இவ்வாண்டு, எது அடுத்த ஆண்டு என்று முடிவெடுக்க வேண்டும். மழைநீர் வடிகாலுக்கும் நவீன எரிமேடைக்கும் இடையே எது முந்தியது என்று தேர்ந்தெடுக்க வேண்டும். வரவும் கட்டாயச் செலவும் முன்பே தெரிந்திருந்தால் இம்முடிவுகளை ஆய்ந்து எடுக்கலாம். அவை கடைசியில் வந்தால், 9 கோடிக் கோரிக்கை ஒரே மாலையில் வெட்டப்படும். அப்போது வெட்டுபவர் தேவையைப் பார்ப்பதில்லை. எல்லாவற்றிலும் சம விழுக்காட்டைக் குறைத்துவிடுவார். பாதிப் பணத்தில் பாதிச் சாலை போட முடியும். பாதி வடிகால் கட்டினால் தண்ணீர் எங்கும் போய்ச் சேராது.

கெடு நாளில் எழுத வேண்டியவை

நாள்காட்டியில் தேதியை மட்டும் எழுதினால் அது வெறும் விருப்பமாகவே நிற்கும். ஒவ்வொரு கெடு நாளின் எதிரிலும் நான்கு செய்திகள் இருக்க வேண்டும். யார் தரவேண்டும், யாரிடம் தரவேண்டும், எதைத் தரவேண்டும், தராவிட்டால் என்ன நேரும் என்பனவே அவை.

‘பொறியியல் பிரிவு, ஜனவரி 9’ என்று எழுதினால், அப்பிரிவில் எவரும் தம்மைப் பொறுப்பாளராகக் கருதமாட்டார். ‘நகராட்சிப் பொறியாளர், கணக்கருக்கு, 20 சாலைகளின் அளவு மற்றும் மதிப்பீட்டுத் தாள்களுடன் படிவம் 3’ என்று எழுதினால் எது முழுமையான கோப்பு, எது குறையுள்ளது என்பதில் ஐயம் எழாது. ஒரு தொகையை மட்டும் எழுதி உரிய நாளில் அனுப்பிவிட்டு, விவரம் பின்னர் தரப்படும் எனக் கூறும் வழக்கத்திற்கும் இடமிராது.

நான்காவது செய்தியே மிகவும் பயனுடையது. மதிப்பீடு உரிய நாளில் வராத பிரிவுக்கு ஊதியமும் நடந்துவரும் பணிகளும் மட்டுமே சேர்க்கப்படும். அதன் புதிய பணிகள் எதுவும் இவ்வாண்டுத் திட்டத்தில் இடம்பெறா என்பதைச் சுற்றறிக்கையிலேயே ஆணையர் கையொப்பத்துடன் அறிவிக்கலாம். இது பார்வைக்குத் தண்டனை போலத் தோன்றினாலும், உண்மையில் மற்றப் பிரிவுகளுக்கான பாதுகாப்பாகும். ஐந்து பிரிவுகளில் நான்கு பிரிவுகள் நேரத்தில் தந்து, ஒன்று தராவிட்டால் மொத்தத் தொகையைக் கூட்ட முடியாது. ஒருவரின் தாமதம் ஐவரின் தாமதமாகிறது. இவ்விதி இருந்தால் தாமதமான பிரிவை விட்டுவிட்டுத் தொகுப்பு வேலையைத் தொடரலாம்.

ஒப்புதல் தருபவர்களுக்கும் இதே ஒழுங்கு பொருந்தும். கீழ்நிலை அலுவலர்களுக்குத் தேதி குறித்துவிட்டு மேலதிகாரியின் நாளை வெற்றிடமாக விட்டுவிடுவது பரவலாக நிகழும் பிழை. கலந்தாய்வு நடக்கவேண்டிய ஐந்து நாள்களும் ஆணையரின் பயண நிரலில் டிசம்பரிலேயே குறிக்கப்பட வேண்டும். ஆணையர் வெளியூர் சென்றால் யார் தலைமை ஏற்பார் என்பதும் எழுதப்பட வேண்டும்.

கூடுதல் நாள்கள் யாருடையவை?

எவ்வளவு நுட்பமாக அமைத்தாலும் சில நாள்கள் பிசகும். எனவே நாள்காட்டியில் கூடுதல் நாள்கள் வேண்டும். அவை எங்கே இருக்க வேண்டும் என்பதில்தான் அனுபவம் வெளிப்படும்.

உண்மையான தேவை ஜனவரி 18 ஆக இருக்க, கெடு நாள் ஜனவரி 9 என்று அறிவிக்கப்படுகிறது. இந்த ஒன்பது நாள் பிரிவுகளுக்கான சலுகையானால், இரண்டாம் ஆண்டிலேயே அவை 18ஐத் தம் கெடு நாளாகக் கருதத் தொடங்கும். பேருந்து எப்போதும் பத்து நிமிடம் தாமதமாகவே புறப்படும் என்று தெரிந்த பயணி பத்து நிமிடம் தாமதமாகவே வருவதைப் போன்றது இது. ஆகவே இந்நாள்களைத் தொகுப்பவரின் உடைமையாக ஆக்க வேண்டும். ஜனவரி 12, 13 ஆகிய நாள்களில் கணக்குப் பிரிவு வந்த படிவங்களை மேலோட்டமாகப் பார்த்து, கூட்டல் பிழை உள்ளவற்றையும் இணைப்பு இல்லாதவற்றையும் திருப்பி அனுப்பும். பொங்கல் முடிந்து திருத்தியவை திரும்ப வந்துசேரும். அதாவது கூடுதல் நாள்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அவ்வேலை என்ன என்பதைப் பிரிவுகள் அறிந்திருப்பதால், 9ஆம் நாள் வெறும் மிரட்டல் அன்று என்பது அவர்களுக்குப் புரியும்.

ஒவ்வொரு படிக்கும் இரண்டு நாள் கூடுதலாகத் தருவதைவிட, இரண்டே இடங்களில் சேர்த்து வைப்பது நல்லது. இங்கு ஒன்று தொகுப்புக்கு முன்பும், மற்றொன்று மன்றக் கூட்டத்திற்குப் பின்பும் வைக்கப்பட்டுள்ளது. சிதறிய கூடுதல் நாள்கள் ஒவ்வொரு படியிலும் கரைந்துவிடும். தேவை வரும்போது ஒரு நாள்கூட எஞ்சாது.

தாமதத்தின் தடங்கள்

நேரத்தில் வந்த கோப்பு எல்லாம் நேரத்தில் செய்யப்பட்ட வேலை ஆகாது. அவசரத்தில் நிரப்பிய படிவம் சில தடங்களை விட்டுச் செல்லும். அனுபவமுள்ள கணக்கர் அவற்றை உடனே காண்பார்.

முதல் தடம், எல்லா வரிகளும் ஒரே விழுக்காடு உயர்ந்திருப்பது. எரிபொருள், எழுதுபொருள், மின்கட்டணம், மருந்து என வெவ்வேறு இயல்புள்ள செலவுகள் அனைத்தும் சென்ற ஆண்டைவிடச் சரியாக 10 விழுக்காடு கூடியிருந்தால், எவரும் எதையும் கணக்கிடவில்லை என்பது பொருள். இரண்டாவது, முழு எண்கள். 20 சாலைகளின் மதிப்பீடும் 10 இலட்சம், 15 இலட்சம் என்று முடிந்தால் நாடா சாலையைத் தொடவே இல்லை எனலாம். மூன்றாவது, நடந்துவரும் பணிகளுக்கான தொகை விடுபட்டிருப்பது. புதியதைக் கேட்கும் ஆவலில் பழையதை மறந்த படிவம் இது. ஏப்ரலில் ஒப்பந்ததாரர் பட்டியல் தரும்போதுதான் இது வெளிப்படும். அப்போது புதிய பணிக்கு ஒதுக்கிய பணம் பழைய கடனுக்குப் போகும்.

இத்தகைய மதிப்பீட்டின் முடிவு அடுத்த மார்ச் மாதத்தில் தெரியும். ஒதுக்கீடு மார்ச் 31உடன் காலாவதியாகும் இடங்களில், கணக்கிடாமல் பெற்ற தொகையை முடிப்பதற்காகக் கடைசி வாரங்களில் பொருள்கள் வாங்கிக் குவிக்கப்படும். ஒன்றிய அரசின் பொது நிதி விதிகள், நிதியாண்டின் இறுதி மாதங்களில் செலவு குவிவதை நிதி ஒழுக்கத்தை மீறும் செயலாகவே கருதுகின்றன. அம்மீறலின் வேர் பெரும்பாலும் முந்தைய ஆண்டில் தவறவிட்ட ஒரு கெடு நாளில் இருக்கும்.

நாள்காட்டியின் எல்லைகள்

முன்னதாகத் தொடங்குவதால் ஓர் இழப்பும் உண்டு. பிப்ரவரி இறுதியில் வைக்கப்பட்ட அறிக்கைக்கு அதற்கு முந்தைய பல மாதங்களின் உண்மை வரவு தெரிந்திருக்கும். பிப்ரவரி 1 அன்று வைக்கப்படும் அறிக்கை அதைவிட ஒரு மாதக் கணக்கைக் குறைவாகக் கொண்டே நடப்பாண்டின் திருத்திய மதிப்பீட்டைக் கணிக்க வேண்டும். நகராட்சியிலும் அப்படியே. அக்டோபரில் முடித்த அரையாண்டுக் கணக்கில், அதன்பின் வசூலாகும் வரி அடங்காது. அதனால் ஜனவரி இறுதியில் தொகுப்பு முடியும் வேளையில், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான உண்மை வரவைக் கொண்டு வருவாய் மதிப்பீட்டை ஒருமுறை புதுப்பிப்பது முறை. மற்ற எண்களைத் திறக்காமல், இந்த ஓர் எண்ணை மட்டும் திருத்த நாள்காட்டி இடம் தரவேண்டும்.

நாள்காட்டிக்குக் கட்டுப்படாத நிகழ்வுகளும் உண்டு. பொதுத்தேர்தல் நடைபெறும் ஆண்டில் பதவிக்காலம் முடியும் அரசு இடைக்கால வரவு செலவுத் திட்டத்தை மட்டுமே வைப்பது மரபு. 2019, 2024 ஆகிய ஆண்டுகளில் பிப்ரவரி 1 அன்று இடைக்காலத் திட்டமே வைக்கப்பட்டது. முழுத் திட்டம் 2019இல் ஜூலை 5 அன்றும், 2024இல் ஜூலை 23 அன்றும் வைக்கப்பட்டது. அவ்வாண்டுகளில் முன்பண மானிய முறையே மீண்டும் கைகொடுத்தது. தேர்தல் வருவது முன்பே தெரியும் என்பதால், அத்தகைய ஆண்டுக்கென இரண்டு முடிவு நாள்கள் கொண்ட தனி நாள்காட்டி அமைப்பதே பொருத்தம்.

நகராட்சியில் மார்ச் மாதம் மன்றம் ஒப்புதல் தந்தவுடன் கணக்கர் செய்யவேண்டிய ஒரு வேலை எஞ்சியிருக்கிறது. ஒவ்வொரு கெடு நாளுக்கும் எதிரே, கோப்பு உண்மையில் வந்த நாளை எழுத வேண்டும். சுகாதாரப் பிரிவு இரண்டு நாள் முந்தியது, பொறியியல் ஆறு நாள் பிந்தியது, அச்சகம் நான்கு நாள் கூடுதலாக எடுத்தது என்று ஒரே தாளில் பதிவாகும். பொறியியல் பிரிவு மூன்று ஆண்டுகளாகத் தொடர்ந்து ஆறு நாள் பிந்தினால், குறை அவர்களின் சோம்பலில் இருப்பதாக முடிவு கட்டிவிடக் கூடாது. இரண்டு பொறியாளர்கள் பாதி நேரத்தில் 20 சாலைகளை அளக்க முடியும் என்ற கணக்கே தவறாக இருக்கலாம். அப்போது களப்பணியை ஒரு வாரம் முன்னதாகத் தொடங்கலாம். அல்லது சாலைகளின் எண்ணிக்கையைக் குறைக்கலாம். அடுத்த அக்டோபரில் புதிய நாள்காட்டி எழுதப்படும்போது அமைப்பவர் முதலில் கையில் எடுக்கவேண்டியது அந்த ஒற்றைத் தாளைத்தான்.